கருத்தாய்வுக் கோப்பில் பாதிக் கட்டம் காலி: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

கருத்தாய்வு முடிந்துவிட்டது, கோப்பைத் திறந்தால் அங்கங்கே ஓட்டை ஓட்டையாகக் காலிக் கட்டங்கள். இன்று இரவு செயற்குழுக் கூட்டம், "எத்தனை சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள், அதை மட்டும் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். இந்த வேலையை முதல்முறையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்பது ஒரே ஒரு எண். ஆனால் அந்த எண்ணைச் சொல்வதற்கு முன், ஒவ்வொரு காலிக் கட்டமும் ஏன் காலியாக இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் காரணம் மாறினால் சதவீதமும் மாறும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கோப்பைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் நான் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைநேரம் நடக்கிறது. வட்டாரத்துப் பெற்றோர்களிடம் கூகல் ஃபார்ம் மூலமாக ஒரு கருத்தாய்வு, கூடவே தாத்தா பாட்டிகளுக்காகக் கொஞ்சம் காகிதப் படிவம். மொத்தம் 200 வரிசை வந்திருக்கிறது. இதில் இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கதைநேரம் நடக்கும் நேரம் உங்களுக்கு வசதியா, வீட்டில் பிள்ளையோடு பெரும்பாலும் எந்த மொழியில் பேசுகிறீர்கள்.

கோப்பைத் தொடுவதற்கு முன்

முதல் வேலை, கோப்பைப் பிரதி எடுப்பது. Form Responses 1 என்ற தாளில் கை வைக்கவே வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், பிரதியில் வேலை செய்யுங்கள். CSV கோப்பாக இறக்கி எக்செலில் நேராகத் திறந்தால் சில கணினிகளில் தமிழ் எழுத்தெல்லாம் சிதைந்து வரும், அதைப் பார்த்துப் பதில்களே கெட்டுவிட்டன என்று பயப்பட வேண்டாம். எக்செலில் Data பகுதிக்குப் போய் From Text/CSV வழியாக உள்ளே எடுத்து, எழுத்துக்குறியீட்டை UTF-8 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்து, காலி போலத் தெரிந்தும் காலியாக இல்லாத கட்டங்கள், நிரம்பியது போலத் தெரிந்தும் பதில் இல்லாத கட்டங்கள். யாராவது ஸ்பேஸ் பாரை மட்டும் ஒருமுறை தட்டிவிட்டுப் போயிருந்தால் கண்ணுக்கு அது காலி, ஆனால் COUNTA அதை ஒரு பதிலாக எண்ணிவிடும். காகிதப் படிவத்தைத் தட்டச்சு செய்த தொண்டூழியர் பதில் இல்லாத இடத்தில் "-" என்றோ "NA" என்றோ "0" என்றோ போட்டிருக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஃபில்டர் போட்டு, கீழே விழும் பட்டியலில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். 200 வரிசைக்கு இது பத்து நிமிட வேலை, இதைத் தாண்டிக்கொண்டு போனால் பின்னால் வரும் ஒவ்வோர் எண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக இருக்கும், எங்கே தப்பு என்றும் பிடிபடாது. அந்த "0" மட்டும் கவனம். "மாதம் துணைப்பாட வகுப்புக்கு எவ்வளவு செலவாகிறது" என்ற கேள்விக்கு 0 என்பது உண்மையான பதிலாகவும் இருக்கலாம், பதில் இல்லை என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஏன் காலி?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நம் கோப்பில் நேர வசதி பற்றிய கேள்விக்கு 120 பேர்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள், 80 கட்டம் காலி. அந்த 80 பேரும் பதில் சொல்ல மறுத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

படிவத்தில் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் பிள்ளை கதைநேரத்துக்கு வந்திருக்கிறதா? "இல்லை" என்று தட்டியவர்களைப் படிவம் அடுத்த பகுதிக்குத் தாண்டி அனுப்பிவிடும். அப்படிப் போனவர்கள் 50 பேர். நேர வசதி பற்றிய கேள்வி அவர்கள் கண்ணிலேயே படவில்லை, அவர்களிடம் பதில் எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

அப்புறம், இந்தக் கேள்வி முதல் நாளிலிருந்து படிவத்தில் இருந்ததா என்று கேளுங்கள். கருத்தாய்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே "அட, இதையும் கேட்டுவிடலாமே" என்று யாராவது ஒரு கேள்வியைச் சேர்ப்பது எங்கும் நடக்கிறது. கூகல் ஃபார்மில் அப்படிச் சேர்த்தால், படிவத்தின் நடுவில் சேர்த்தாலும்கூட, பதில் தாளில் அது வலது கோடியில் புது நெடுவரிசையாக வந்து உட்காரும், ஏற்கெனவே நிரப்பியவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். கடைசி நெடுவரிசையில் காலி அதிகமாக இருப்பதைப் பார்த்து "படிவம் நீளம், சனங்கள் களைத்துப் பாதியில் விட்டுவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. கூகல் ஃபார்மில் அது பெரும்பாலும் பொருந்தாது, Submit தட்டாதவர்களின் பாதிப் பதில் பதில் தாளுக்கு வருவதே இல்லை. வேறு சில கருத்தாய்வு மென்பொருள்கள் பாதியில் நின்ற பதிலையும் சேமித்து வைக்கும், அங்கே ஒரு கேள்வியிலிருந்து வலப்பக்கம் முழுவதும் காலியாக ஓடும் வரிசைகளைப் பார்க்கலாம். நம் கோப்பில் Timestamp நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு தேதிக்கு முன்னால் இந்தக் கட்டத்தில் ஒரு பதில்கூட இல்லை. கதைநேரத்துக்கு வந்தும், கேள்வி சேர்க்கப்படுவதற்கு முன்னரே நிரப்பியவர்கள் 18 பேர்.

மீதி 12 பேர். இவர்கள்தான் கேள்வியைப் பார்த்துவிட்டு விட்டுப்போனவர்கள்.

இதைக் கையால் எண்ண வேண்டாம். A நெடுவரிசையில் Timestamp, B-இல் பிள்ளை படிக்கும் நிலை, அதாவது தொடக்கநிலையா உயர்நிலையா, C-இல் வந்ததா இல்லையா, H-இல் நேர வசதி என்று வைத்துக்கொண்டால், காலியாக உள்ள ஒரு நெடுவரிசையில் இப்படிப் போடலாம். தேதி நீங்கள் கேள்வியைச் சேர்த்த தேதி.

```
=IF(LEN(TRIM(H2))>0,"பதில்",
 IF(C2="இல்லை","கேட்கவில்லை",
 IF(A2<DATE(2025,3,8),"அப்போது இல்லை","விட்டுவிட்டார்")))
```

எல்லா வரிசைக்கும் இழுத்துவிட்டு COUNTIF போட்டால் நான்கு எண்கள் கிடைக்கும், கூட்டினால் 200 வர வேண்டும். வராவிட்டால் சூத்திரம் ஏதோ வரிசையைத் தவறவிட்டிருக்கிறது. "பதில்" என்று வந்த வரிசைகளில் "-" போன்றவை ஒளிந்திருக்கக்கூடாது, அதனால்தான் முதலில் ஃபில்டர் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இதில் ஒரு பொறி உண்டு. காகிதப் படிவங்களை யாரோ ஒருவர் பிறகு உட்கார்ந்து ஃபார்மில் தட்டச்சு செய்திருப்பார், அப்போது Timestamp காட்டுவது தட்டச்சு செய்த நேரத்தைத்தான். பழைய காகிதத்தில் அந்தக் கேள்வியே அச்சாகியிருக்காது, ஆனால் கோப்பில் அது "விட்டுவிட்டார்" என்று விழும். ஆகவே காகிதத்திலிருந்து வந்த வரிசைகளைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, Required என்று போட்ட கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லையென்றால் தட்டச்சு செய்தவர் மேலே போக முடியாமல் எதையோ ஒன்றைத் தட்டியிருப்பார். அந்த வரிசைகளின் "இல்லை"யை நம்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பல பதில்களைத் தேர்ந்தெடுக்கும் செக்பாக்ஸ் கேள்வி என்றால் காலிக்கு இரண்டு பொருள்: எதுவும் பொருந்தவில்லை, அல்லது கேள்வியையே தாண்டிவிட்டார். "இவற்றில் எதுவுமில்லை" என்று ஒரு தெரிவு வைக்காமல் விட்டிருந்தால், பின்னால் இரண்டையும் பிரிக்க வழியே கிடையாது. அந்தக் கேள்வியில் எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், தட்டாதவர்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

எந்த எண்ணால் வகுப்பது?

120 பேரில் 96 பேர் நேரம் வசதி என்றார்கள். 96-ஐ 200-ஆல் வகுத்தால் 48%, "பாதிப் பேருக்குக்கூட நேரம் ஒத்துவரவில்லை" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார், கதைநேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள். 120-ஆல் வகுத்தால் 80%. ஒரே கோப்பு, எதிரெதிரான இரண்டு முடிவு. 48% என்பது தவறு, ஏனென்றால் கதைநேரத்துக்கே வராத 50 பேரையும், கேள்வியே கேட்கப்படாத 18 பேரையும் அது நேரம் பிடிக்காதவர்களாகக் கணக்கெடுக்கிறது. 80% சரி, ஆனால் தனியாகச் சொன்னால் போதாது.

கேள்வி கேட்கப்பட்டவர்கள் 132 பேர். பதில் சொல்லாத 12 பேரும் வசதியில்லை என்று நினைப்பவர்களாகவே இருந்தால் 132-இல் 96, அதாவது 73%. 12 பேரும் வசதி என்பவர்களாகவே இருந்தால் 132-இல் 108, அதாவது 82%. இந்த 12 பேர் என்ன நினைத்திருந்தாலும் உண்மை 73-க்கும் 82-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். இதற்கு எந்த ஊகமும் தேவையில்லை, வெறும் கூட்டல் கழித்தல்தான், அதனால்தான் எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். கதைநேரத்துக்கு வந்த 150 பேரைப் பற்றியும் பேச வேண்டும் என்றால் அந்த 18 பேரையும் சேர்க்க வேண்டும்: குறைந்தது 96, அதிகபட்சம் 126, அதாவது 64 முதல் 84% வரை. இடைவெளி அகலமாகிவிட்டது, ஆனாலும் பாதிக்கு மேல் என்பது அசையவில்லை. ஆக, கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்: படிவம் நிரப்பியவர்களில் கதைநேரத்துக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோரை எடுத்துக்கொண்டால், பெரும்பான்மையினருக்கு இந்த நேரம் வசதி.

யார் விட்டுப்போனார்கள்?

இரண்டாவது கேள்வி இன்னும் கடினம். வீட்டில் பிள்ளையோடு பெரும்பாலும் எந்த மொழி என்பது முதல் நாளிலிருந்து எல்லாரிடமும் கேட்ட கேள்வி. 160 பேர் பதில் சொன்னார்கள், 40 பேர் விட்டுவிட்டார்கள். சொன்னவர்களில் 78 பேர் தமிழ் என்றார்கள், 49%. எல்லையைப் பார்த்தால் 200-இல் 78 முதல் 118 வரை, 39% முதல் 59% வரை. பாதிக்கு மேலா கீழா என்பதையே சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது, விட்டுப்போன 40 பேரை எல்லாரும் நிரப்பிய வேறொரு நெடுவரிசையோடு சேர்த்துப் பார்ப்பது. பிள்ளையின் நிலை கட்டாயக் கேள்வி, எல்லாரிடமும் இருக்கிறது. பிவட் டேபிளோ COUNTIFS-ஓ போட்டால் இப்படி வருகிறது: தொடக்கநிலைப் பெற்றோர் 120 பேரில் 12 பேர் விட்டிருக்கிறார்கள், பத்தில் ஒருவர். உயர்நிலைப் பெற்றோர் 80 பேரில் 28 பேர், மூன்றில் ஒருவருக்கும் மேல். ஆக, காலி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறவில்லை, ஒரு பக்கம் குவிந்திருக்கிறது. பதில் சொன்னவர்களைப் பார்த்தால் தொடக்கநிலையில் 108 பேரில் 65 பேர் தமிழ், 60%. உயர்நிலையில் 52 பேரில் 13 பேர், 25%. தமிழ் குறைவாகப் பேசும் பக்கத்திலிருந்துதான் பதில் குறைவாக வந்திருக்கிறது, அதனால் 49% கொஞ்சம் உயர்வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு திருத்தம் செய்து பார்க்கலாம். விட்டுப்போனவர்களும் அதே நிலையில் பதில் சொன்னவர்களைப் போலத்தான் என்று வைத்துக்கொண்டால், தொடக்கநிலை 120-இல் 60% என்பது 72 பேர், உயர்நிலை 80-இல் 25% என்பது 20 பேர், மொத்தம் 92 பேர், 46%. இந்த 46-ஐச் சொல்லலாம், ஆனால் "விட்டுப்போனவர்களும் அதே நிலைப் பெற்றோரைப் போன்றவர்கள் என்று கொண்டால்" என்ற நிபந்தனையைக் கூடவே எழுத வேண்டும். நிபந்தனை இல்லாமல் அந்த எண்ணை வெளியே விடக்கூடாது.

அந்த நிபந்தனையைக் கோப்பை வைத்து நிரூபிக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த பாகுபாடு இன்றும் புழங்குகிறது: காலி எதேச்சையாக விழுந்திருக்கலாம், நமக்குத் தெரிந்த வேறொரு விவரத்தைப் பொறுத்து விழுந்திருக்கலாம், அல்லது சொல்லாமல் விட்ட அந்தப் பதிலையே பொறுத்து விழுந்திருக்கலாம். முதலாவது இங்கே இல்லை என்று நிலைவாரியாகப் பார்த்ததிலேயே தெரிகிறது. இரண்டாவதா மூன்றாவதா என்பதைக் கோப்பு சொல்லாது, கேள்வியையும் மனிதர்களையும் தெரிந்தவர்கள்தான் யோசிக்க வேண்டும். தமிழ்க் கதைநேரம் நடத்துகிறவர்களே அனுப்பிய படிவத்தில் "வீட்டில் ஆங்கிலம்தான்" என்று தட்டச் சங்கடப்பட்டு விட்டிருக்கலாம். அல்லது அம்மாவோடு தமிழ், அப்பாவோடு ஆங்கிலம் என்று இரண்டும் கலந்து ஓடும் வீட்டில், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றதும் எதைத் தட்டுவது என்று தெரியாமல் போயிருக்கலாம். முதல் காரணம் உண்மையானால் 46-உம் உயர்வுதான். இரண்டாவது என்றால் கேள்வியிலேயே கோளாறு, எண்ணை எப்படித் திருத்தினாலும் அது சரியாகாது.

நிரப்பாதீர்கள், நீக்காதீர்கள்

காலியில் சராசரியைப் போட்டு நிரப்பு என்று சிலர் சொல்வார்கள். மாதச் செலவு 80, 120, காலி, காலி, 100 வெள்ளி என்று ஐந்து கட்டம் இருந்தால் AVERAGE காலியை விட்டுவிட்டு 100 என்று சொல்லும். காலியில் 0 போட்டால் சராசரி 60 ஆகிவிடும், அது பொய். 100 போட்டால் சராசரி மாறாது, ஆனால் மூன்று பேர் சொன்னதை ஐந்து பேர் சொன்னதாகக் காட்டிவிடுவீர்கள், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான் செலவழிக்கிறார்கள் என்ற தோற்றமும் வரும். காலியை நிரப்பும் முறையான வழிகள் புள்ளியியலில் இருக்கின்றன, நிரப்பியதால் வரும் நிச்சயமின்மையையும் அவை கணக்கில் எடுக்கும், அதைக் கற்றுக்கொண்டு செய்வது வேறு விஷயம். கற்றுக்கொள்ளும்வரை காலியைக் காலியாக விடுங்கள்.

ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வரிசையையே நீக்குவது இதைவிட ஆபத்து. நம் கோப்பில் அப்படிச் செய்தால் கதைநேரத்துக்கு வராத 50 பேரும் மொத்தமாகப் போய்விடுவார்கள், ஏனென்றால் தாண்டிய கேள்விகள் அவர்களுக்கு எப்போதும் காலிதான். "ஏன் வரவில்லை" என்று தெரிந்துகொள்ளத்தானே அவர்களையும் கேட்டோம்.

கோப்பிலேயே இல்லாதவர்கள்

படிவத்தின் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் போனது, யார் யார் பார்த்தார்கள், எத்தனை பேர் நிரப்பாமல் விட்டார்கள் என்று தெரியாது. அவர்களுக்கு ஒரு காலி வரிசைகூட இல்லை. ஆகவே "சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர்" என்று வாக்கியத்தைத் தொடங்க இந்தக் கோப்பு இடம் கொடுக்காது, "படிவம் நிரப்பிய 200 பேரில்" என்றுதான் தொடங்க முடியும்.

இங்கே இன்னொன்று நடக்கும், கண்டிப்பாக யாராவது செய்வார்கள்: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 27.3% என்று வந்ததைப் பக்கத்தில் வைத்து, "நம் வட்டாரத்தில் 49%, பரவாயில்லையே" என்பார்கள். அந்த 27.3%, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசி இந்தியர்கள் எல்லாரையும் பற்றியது, வீட்டில் இந்தியோ மலையாளமோ பேசுபவர்களும் அதில் சேர்த்தி. நம்முடையது தமிழ்க் குழுக்களில் இருந்து தமிழ்க் கதைநேரம் பற்றிய படிவத்தைத் திறந்து பார்த்தவர்கள். இரண்டையும் ஒரே படத்தில் போடவே கூடாது.

அறிக்கையில் எழுதும்போது

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் யாரிடம் கேட்டோம், எத்தனை பேர் சொன்னார்கள் என்பது இருக்கட்டும். மொழிக் கேள்விக்கு நான் இப்படி எழுதுவேன்: "200 பேரிடம் கேட்டதில் 160 பேர் பதிலளித்தனர், அவர்களில் 78 பேர் (49%) வீட்டில் பெரும்பாலும் தமிழ் என்றனர். உயர்நிலைப் பெற்றோர் பலர் இந்தக் கேள்விக்குப் பதிலளிக்கவில்லை, ஆகவே உண்மை அளவு இதைவிடக் குறைவாக இருக்கலாம்." ஏதாவது ஒரு பிரிவில் ஏழெட்டுப் பேர்தான் பதில் சொல்லியிருந்தால் சதவீதமே போடாதீர்கள், "8 பேரில் 5 பேர்" என்று விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை படிவத்தில் மொழிக் கேள்விக்கு "இரண்டும் ஏறக்குறைய சமம்", "சொல்ல விரும்பவில்லை" என்ற இரண்டு தெரிவுகளைச் சேர்த்தால் காலியில் பாதி தானாகவே தன் காரணத்தைச் சொல்லிவிடும். எல்லாக் கேள்வியையும் Required ஆக்கிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம், அப்போது காலிக்குப் பதில் பொய்யான பதில்தான் வரும், அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த முறைக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. தொடர்புகொள்ளலாம் என்று சம்மதித்துத் தொலைபேசி எண் கொடுத்த பெற்றோர் அந்த 28 பேரில் சிலர் இருப்பார்கள். பத்துப் பேரையாவது அழைத்து, பதிலைக் கேட்பதற்கு முன்னால் "அந்தக் கேள்வியை ஏன் விட்டீர்கள்" என்று கேளுங்கள், என்ன சொன்னார்கள் என்பதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள், முதல் தாளின் காலிக் கட்டத்தில் மட்டும் தட்டச்சு செய்துவிடாதீர்கள்.